முதல் பிறந்தநாளுக்கு வயது ஒன்று: எங்கள் காரைக்குடி அச்சகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பிள்ளை பிறந்த அன்னைக்கே முதல் பிறந்தநாள் ஆயிருச்சே. ஒரு வருஷம் கழிச்சு வர்றது ரெண்டாவதுதானே?"

நாட்களை எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வயது என்பது அந்த நாட்களுக்கு இடையில் ஓடி முடிந்த ஆண்டுகளின் கணக்கு.

நம்மூர் வீட்டு வளவில் நின்று பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆறு தூண் இருந்தால் நடுவில் ஐந்து இடைவெளிதான் இருக்கும். ஆண்டுதோறும் வரும் அந்தத் தேதி தூண். இரண்டு தூணுக்கு நடுவில் நடந்து கடக்கும் தூரம் ஓர் ஆண்டு. பிறந்த அன்று குழந்தை முதல் தூணடியில் நிற்கிறது. கடந்த தூரம் ஒன்றுமில்லை, அதனால் வயதும் ஒன்றுமில்லை. அடுத்த தூணுக்கு வரும்போதுதான் ஓர் இடைவெளி முடிகிறது.

2024 பிப்ரவரி 12 அன்று பிறந்த ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொள்வோம். அவளுடைய முதலாம் ஆண்டு பிறந்த அன்றே தொடங்கி 2025 பிப்ரவரி 11 இரவோடு முடிகிறது. 2025 பிப்ரவரி 12 முதல் பிறந்தநாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு வயது. அதே நாள்தான் அவளுடைய இரண்டாம் ஆண்டின் முதல் நாளும். ஒரே தேதிக்கு "ஒன்று", "இரண்டு" என்று இரண்டு எண்ணும் பொருந்துவதால்தான் இவ்வளவு குழப்பமும். ஒன்று நிறைந்தது, இரண்டு நடக்கிறது. இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

பெரியவர்கள் இந்த விழாவை ஆண்டு நிறைவு என்றே சொன்னார்கள். காது குத்துக்கும் ஆண்டு நிறைவுக்கும் சேர்த்துப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் இந்தச் சந்தேகமே எழுவதில்லை. கேக் வெட்டும் விழாவுக்கு வருகிறவர்களிடம்தான் எழுகிறது.

"அப்ப 'இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்'னு ஃபிளெக்ஸில் போடுறது தப்பா?"

முதல் பிறந்தநாளுக்குப் போட்டால் தப்பே இல்லை. ஒரு வயது நிறைந்தவுடன் கால் வைப்பது இரண்டாம் ஆண்டில்தான். நீளமாக இருக்கிறது என்று அந்த வரியை வெட்டி "இரண்டாம் ஆண்டு பிறந்தநாள்" ஆக்கும்போதுதான் கோளாறு. "அடியெடுத்து வைக்கும்" போய்விட்டால் அந்த "இரண்டு" நடக்கும் ஆண்டைக் குறித்தது என்பதும் போய்விடுகிறது. பார்க்கிறவர் குழந்தைக்கு இரண்டு வயது என்று நினைத்து, அந்த அளவுக்குச் சட்டை வாங்கி வருவார்.

ஐந்து வயது நிறையும் பையனை வைத்துப் பார்த்தால், "ஐந்தாவது பிறந்தநாள்", "ஐந்து வயது நிறைவு", "ஆறாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்" மூன்றும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன. "ஐந்தாவது வயதில் அடியெடுத்து வைக்கும்" என்று போட்டால், எழுத்துப்படி அவனுக்கு நான்குதான் முடிந்திருக்கிறது. தெருமுனை ஃபிளெக்ஸ்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் நிற்கின்றன, யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதே வரியை மணிவிழாப் பத்திரிகையில் போட்டால் உறவினர்கள் ஃபோன் போட்டுக் கேட்பார்கள்.

புரூஃப் பார்க்கும்போது நாங்கள் கேட்பது பிறந்த தேதியை. எத்தனையாவது என்று கேட்பதில்லை. விழா நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்க வேண்டும். அந்த ஆண்டின் பிறந்த தேதி விழாவன்று இன்னும் வரவில்லை என்றால் இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். வருவது நிறைந்த வயது. அதுவே பிறந்தநாளின் எண். அதோடு ஒன்றைக் கூட்டினால் நடக்கும் ஆண்டு.

"சுதந்திர தினத்தை மட்டும் 2022-இல் 76-ஆவதுன்னு சொன்னாங்களே, 75 வருஷம்தானே ஆச்சு?"

இரண்டும் சரி. 1947 ஆகஸ்ட் 15-ஐயே முதலாவது சுதந்திர தினம் என்று எண்ணுவது நம் அரசின் வழக்கம். அப்படி எண்ணினால் 2022-இல் வந்தது 76-ஆவது. அன்றைக்கு நிறைந்த ஆண்டுகள் 75. குடியரசு தினமும் அப்படித்தான்: 1950 ஜனவரி 26 முதலாவது. அதனால் 2024-இல் 75-ஆவது குடியரசு தினம் கொண்டாடினார்கள், நிறைந்தது 74 ஆண்டு.

அங்கே முதல் தூணையும் சேர்த்து எண்ணுகிறார்கள். பிறந்தநாளில் அதை விட்டுவிட்டு எண்ணுகிறோம். பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் மூன்றிலும் தொடக்க நாளுக்கு எண் கிடையாது. பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா போன்றவற்றில் முதல் தடவை நடந்ததே முதலாவது. ஒரு கழகம் 2015 பொங்கலன்று தொடங்கி, அன்றே தன் முதலாவது பொங்கல் விழாவை நடத்தியிருந்தால் 2025-இல் நடப்பது பதினொன்றாவது பொங்கல் விழா. ஆனால் அந்தக் கழகத்துக்குப் பத்து வயதுதான். ஒரே நோட்டீஸில் இரண்டு எண்ணும் வந்தால் பிழை என்று பதறித் திருத்திவிடாதீர்கள்.

"அப்பச்சிக்கு 60 வருது. அறுபதாம் கல்யாணத்தை 60 தொடங்கும்போது வைக்கிறதா, முடியும்போதா?"

எங்கள் மேசைக்கு வரும் கேள்விகளில் பணம் நஷ்டமாகக்கூடிய கேள்வி இதுதான். திருக்கடையூருக்கு வேன் பேசி, ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தபிறகு ஓர் ஆண்டு முந்திவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது?

சஷ்டியப்தபூர்த்தி 60 ஆண்டு பூர்த்தியான பிறகு செய்வது. அதற்கு ஓர் ஆண்டு முன்னால், 59 முடிந்து 60 நடக்கத் தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. இரண்டு சடங்குக்கும் "அறுபது" என்ற பேச்சு உண்டு. ஒன்றில் அறுபது தொடங்குகிறது, மற்றதில் அறுபது முடிகிறது. "ஐயாவுக்கு அறுபது சாந்தி" என்று ஃபோனில் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதைச் சரிபார்க்கக் கழித்தல் கணக்கு தேவையில்லை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. அறுபதும் சுற்றி முடிந்ததும் பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வரும். பிறந்த ஆண்டின் பெயர், பிறந்த மாதம், பிறந்த நட்சத்திரம் மூன்றும் கூடும் நாள்தான் பூர்த்தி.

ஓர் உதாரணம். அப்பச்சி பராபவ ஆண்டு ஆவணியில், அதாவது 1966 ஆகஸ்ட்டை ஒட்டிப் பிறந்தவர். 2025 ஆவணியில் நடந்தது விசுவாவசு ஆண்டு. அப்போது அவருக்கு 59 நிறைந்து 60 தொடங்கியது. உக்ரரத சாந்திக்கு உரிய நேரம் அது. 2026 சித்திரையில் பராபவ ஆண்டு பிறக்கிறது, அந்த ஆவணியில் அவருடைய நட்சத்திரம் வரும் நாள் மணிவிழா. பத்திரிகையில் "விசுவாவசு ஆண்டு ஆவணி" என்று இருந்து, ஜாதகத்தில் "பராபவ" என்று இருந்தால், கொடுத்த தேதி ஓர் ஆண்டு முந்தி நிற்கிறது.

தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. 1967 பிப்ரவரியில், மாசி மாதம் பிறந்தவரும் பராபவ ஆண்டுக்காரர்தான். 1966 ஏப்ரலில் பிறந்த அந்த ஆண்டு 1967 ஏப்ரல் வரை ஓடியது. "பராபவ என்றால் 2026" என்று மனதில் பதித்துக்கொண்டு 2026 மாசிக்குத் தேதி குறித்தால் தவறு. 2026 மாசியில் இன்னும் விசுவாவசு நடக்கும். பராபவ ஆண்டின் மாசி வருவது 2027 பிப்ரவரி, மார்ச்சில்தான். இவர்களுக்கு ஆங்கிலத் தேதியையும் ஒருமுறை கழித்துப் பார்த்துவிடுங்கள்: 2027-இலிருந்து 1967 போனால் 60.

ஆங்கிலப் பிறந்த தேதியும் நட்சத்திரப் பிறந்தநாளும் சில நாட்கள் தள்ளி நிற்பது இயல்பு. தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை ஓடுகிறது. நட்சத்திரச் சுற்றோ 27 நாட்களுக்குச் சற்று அதிகம். அதனால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வருவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் பின்னால் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். அதை உங்கள் ஐயரிடம் கேட்டு எங்களிடம் சொல்லுங்கள். அச்சகத்தில் முடிவு செய்யும் விஷயம் அல்ல.

"கவியரசர் நூற்றாண்டு 2026-ஆ, 2027-ஆ? மன்றத்துக்கு பேனர் அடிக்கணும்."

கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் 1927 ஜூன் 24 அன்று பிறந்தார். 2026 ஜூன் 24 அவருடைய 99-ஆவது பிறந்தநாள். அன்று நூறாவது ஆண்டு தொடங்குகிறது. 2027 ஜூன் 24 நூறாவது பிறந்தநாள். அன்று நூறு ஆண்டு நிறைகிறது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதமும் நூற்றாண்டு ஆண்டு. முன்னதற்கு "நூற்றாண்டுத் தொடக்க விழா", பின்னதற்கு "நூற்றாண்டு நிறைவு விழா" என்று போட்டால் யாருக்கும் சண்டை வராது. வெறுமனே "நூறாவது பிறந்தநாள் விழா" என்று 2026-க்கு அடிக்கச் சொன்னால் நாங்கள் மறுத்துப் பேசுவோம்.

அவர் மறைந்தது 1981 அக்டோபர் 17. அந்த ஆண்டின் ஜூன் 24 கடந்துவிட்டதால் 54 நிறைந்திருந்தது. "54 வயதில் மறைந்தார்" என்று எழுதுகிறவரும் "55-ஆம் வயதில் மறைந்தார்" என்று எழுதுகிறவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். "54-ஆம் வயதில்" என்று எழுதினால்தான் ஓர் ஆண்டு குறைகிறது.

"வள்ளல் அழகப்பர் 47 வயசுல இறந்தாரா, 48 வயசுலயா? ரெண்டு மாதிரியும் படிச்சிருக்கேன்."

கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-இல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். மறைந்தது 1957 ஏப்ரல் 5, நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு முதல் நாள்.

நாம் பேசும் கணக்கில் அவருக்கு நிறைந்தது 47. நடந்துகொண்டிருந்தது 48-ஆம் ஆண்டு, அதன் கடைசி நாள். இதுவரை வில்லங்கம் இல்லை. ஆனால் 1909 ஏப்ரல் 6-ஐ முழு நாளாகச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 6-இல் தொடங்கும் ஆண்டு அடுத்த ஏப்ரல் 5 நள்ளிரவோடு முடிகிறது. அப்படியானால் 1957 ஏப்ரல் 5 முடியும் நொடியில் 48 ஆண்டும் முழுதாக நிறைகிறது. அந்த நள்ளிரவை எந்தத் தேதியில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் அதை ஏப்ரல் 6-இல் சேர்க்கிறார்கள். சட்டம் சில இடங்களில் ஏப்ரல் 5-இல் சேர்க்கிறது.

இது வெறும் விவாதம் இல்லை, இதனால் வேலை இழந்தவர் உண்டு. ராஜஸ்தான் அரசுப் பணிக்கு விண்ணப்பித்த ஒருவர் 1956 ஜனவரி 2-இல் பிறந்தவர். 1984 ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது விதி. தனக்கு 28-ஆவது பிறந்தநாள் ஜனவரி 2-ஆம் தேதிதானே, ஒரு நாள் மிச்சம் இருக்கிறதே என்றார். 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஜனவரி 1-ஆம் தேதியே 28 நிறைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது.

மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு விதியிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு. ஜூலை 1-இல் பிறந்தவர் ஜூன் 30-இல் வீட்டுக்குப் போகிறார், ஜூலை 2-இல் பிறந்தவர் ஜூலை 31 வரை இருக்கிறார். பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் இதை எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

பத்திரிகையில் அழகப்பரைப் பற்றி எழுத வேண்டுமானால் "47 வயது" என்றோ "48-ஆம் வயதில்" என்றோ எழுதுங்கள். இரண்டில் எதுவானாலும் ஒட்டும்.

"பொண்ணுக்கு 18 நடக்குது. கல்யாணப் பத்திரிகை அடிக்கலாமா?"

அடிக்க மாட்டோம். 18 நடக்கிறது என்றால் 17 தான் முடிந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. நடப்பு வயது அங்கே செல்லாது.

18 எப்போது நிறைகிறது என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்து, பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போதே வயது வந்தவர் ஆகிவிடுகிறார் என்கிறது. காலை எட்டு மணிக்குப் பிறந்தவர் எட்டு மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"எல்.கே.ஜி.க்கு 3 வயசுன்னாங்க. எங்க பையனுக்கு மூணாவது வருஷம் நடக்குது, எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

மூன்றாவது நடந்தால் இரண்டுதான் நிறைந்திருக்கிறது. தனியார் பள்ளிகளின் இலவச ஒதுக்கீட்டில் 2024-இல் எல்.கே.ஜி. சேர, 2020 ஆகஸ்ட் 1-க்கும் 2021 ஜூலை 31-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதாவது ஜூலை 31 அன்று 3 நிறைந்து 4 நடக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 10-இல் பிறந்த பையனுக்கு அன்று இரண்டு வயதும் பதினொன்றரை மாதமும்தான். அவனுக்கு அடுத்த ஆண்டுதான் இடம். வயதைப் பார்க்காமல் தேதி வரம்பைப் பாருங்கள். அதில் "ஆவது" கிடையாது.

"எங்க அப்பத்தா எப்பவும் ஒரு வயசு கூட்டியே சொல்றாக. மறதியா?"

இல்லை. அவர்கள் சொல்வது நடக்கும் வயது. "எண்பது நடக்குது" என்பதில் "நடக்குது"வை விட்டுவிட்டு "எண்பது" என்கிறார்கள், அவ்வளவுதான். ஜாதகம் பார்க்கிறவர்களும் நடப்பு ஆண்டை வைத்தே பேசுவது வழக்கம். தென்கொரியாவில் பிறந்தவுடனே ஒரு வயது என்று எண்ணும் பழக்கம் இருந்தது. அதோடு புத்தாண்டுக்கு எல்லோருக்கும் ஒன்று கூடும். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது! 2023 ஜூன் மாதம்தான் அங்கே அரசு காரியங்களுக்கு நிறைந்த வயதையே எடுத்துக்கொள்வது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆதாரில் இருப்பதும் அப்பத்தா சொல்வதும் ஒன்று வித்தியாசப்பட்டால் முதலில் இதைக் கேளுங்கள். இரண்டு மூன்று வித்தியாசப்பட்டால் அது வேறு கதை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதியாக இருக்கும்.

"பிப்ரவரி 29-இல் பிறந்த பிள்ளைக்கு நாலு வருஷம் கழிச்சுத்தானே முதல் பிறந்தநாள்?"

அந்தத் தேதி வருவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு நிறைவது ஆண்டுக்கு ஒருமுறை. வயதுக்கு வேண்டியது இரண்டாவது. முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தவர். 1900 லீப் ஆண்டு இல்லை என்பதால் அவர் பிறந்த பிறகு அந்தத் தேதி மறுபடி வந்தது 1904-இல், அதாவது எட்டு வயதில். அதை முதல் பிறந்தநாள் என்று வேடிக்கைக்குச் சொல்லலாம். 1977 மார்ச்சில் பிரதமரானபோது அவருக்கு 81 வயது.

நட்சத்திரப்படி கொண்டாடுகிற வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மாசியும் நட்சத்திரமும் ஆண்டுதோறும் வரும்.

"முதலாமாண்டு நினைவஞ்சலி நோட்டீஸை எப்போ கொடுக்கணும்?"

மறைந்து ஓர் ஆண்டு நிறையும் நாளுக்கு. 2025 மார்ச் 3-இல் மறைந்தவருக்கு 2026 மார்ச் 3. மறைந்த நாளுக்கு எண் கிடையாது. திதி வேறு நாளில் வரலாம். நோட்டீஸில் தேதி, வீட்டில் திதி என்று பிரித்துக்கொள்கிறவர்கள் அதிகம். படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு இரண்டு தேதியையும் போட்டுவிடுங்கள், வயதை எழுத வேண்டாம். கீழே இடம் மிச்சமிருந்தால் பேரப்பிள்ளைகள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.